லீடு ஸ்கோருக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

எங்கள் கலைச்சொல் மடற்குழுவில் நடந்த உரையாடலின் தொகுப்பு இது.

கவிதா, வேளச்சேரி:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்கரணைப் பக்கம் அடுக்குமாடி கட்டி விற்கும் ஒரு நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை கொடுத்தாக வேண்டும். படிக்கப்போவது டெலிகாலர் பெண்கள்.

முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தட்டினால் ஒரு படிவம் வரும் அல்லவா, அதை நிரப்பி அனுப்புகிறவர்தான் 'லீடு'. ஒவ்வொரு லீடுக்கும் மென்பொருள் ஓர் எண் போடுகிறது. எண் அதிகமாக இருப்பவரை முதலில் அழைக்க வேண்டும். இந்த எண்ணுக்குத்தான் சொல் தேவை. 'வாய்ப்பு மதிப்பெண்' என்று எழுதிப் பார்த்தேன். அதே மென்பொருளில், நேரில் வந்து பார்த்து விலை பேசும் கட்டத்துக்கு 'வாய்ப்பு' என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. இரண்டும் குழம்பும்.

இராமலிங்கம், அம்பத்தூர்:

இதற்கு எதற்கு விவாதம்? 'முன்னிலைப் புள்ளி'. வாக்கு எண்ணிக்கை அன்று எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடுகிற சொல்தான்.

கவிதா:

அந்த லீடு வேறு ஐயா. இங்கே யாரும் யாரையும் முந்தவில்லை. வீடு வாங்கலாமா என்று விசாரித்தவர், அவ்வளவுதான்.

நடராசன், மயிலாப்பூர்:

விசாரித்தவர் என்றால் 'நாடுநர்'. பெறுநர், அனுப்புநர் போல. அவருடைய எண் 'நாட்டப் புள்ளி'. நாட்டம் என்பதில் விருப்பமும் உண்டு, ஆராய்ச்சியும் உண்டு. 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்' என்று 504ஆம் குறள் சொல்வது வேறென்ன? நல்லதைக் கூட்டு, கெட்டதைக் கழி, எது மிஞ்சுகிறதோ அதை எடு. உங்கள் மென்பொருளும் இதைத்தானே செய்கிறது? இன்னும் செறிவாக வேண்டுமென்றால் 'மாற்று' இருக்கிறது. பொன்னை உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்போம். வருகிறவரையும் அப்படி உரைத்துப் பார்ப்பதால் 'நாடுநர் மாற்று'.

கையோடு ஒன்று. 'நாடுனர்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள். பேருந்துகளில் 'ஓட்டுனர்' என்று எழுதிக் கெடுத்து வைத்திருப்பது போதும்.

(இதன் பிறகு நர், னர் பற்றி ஒன்பது மடல்கள் வந்தன. தொகுப்பில் விட்டுவிட்டேன். நடத்துநர் மீண்டும் வந்தார், இயக்குநர் வந்தார், ஒருவர் நன்னூலைப் படமெடுத்து அனுப்பினார். மட்டுறுத்துநர் என்ற முறையில் நானும் இந்தச் சண்டையில் ஒரு தரப்புதான்.)

சுரேஷ், பெருங்குடி:

நடராசன் ஐயாவுக்கு வணக்கம். இந்த எண்களோடுதான் எனக்குப் பிழைப்பு, அதனால் ஒரு வார்த்தை. குறள் சரியாகப் பொருந்துகிறது. 'மாற்று' பொருந்தாது. பொன்னின் மாற்று பொன்னுக்குள்ளேயே இருப்பது, நாளைக்குப் பார்த்தாலும் அதுவேதான். லீடின் எண் அப்படி இல்லை. இன்றைக்கு 70 வாங்கியவர் மூன்று வாரம் போனை எடுக்கவில்லை என்றால் 30க்கு இறங்கிவிடுவார். அது அந்த ஆளின் தரமே கிடையாது. இந்த நேரத்தில், நம் கைக்கு வந்த தகவலை வைத்து நாம் போடும் ஊகம்.

பிரபு, கிண்டி:

சுரேஷ் சொல்வது சரி. ஆனால் முதல் வடிகட்டல் எளிது. மின்னஞ்சல் ஜிமெயில் என்றால் 10 கழி, அலுவலக முகவரி என்றால் 15 கூட்டு. எங்கள் கம்பெனியில் இப்படித்தான். சொல்லாக 'தகுதிப் புள்ளி' போதும்.

சுரேஷ்:

பிரபு, நீங்கள் விற்பது கம்பெனிகளுக்கு மென்பொருள். அங்கே அது நல்ல விதி. சென்னையில் சொந்த வீடு வாங்குகிறவர் எவர் ஆபீஸ் மின்னஞ்சல் கொடுப்பார்? உங்கள் விதியைப் போட்டால் எல்லோருக்கும் ஒரே மாதிரி 10 குறையும், வரிசை அப்படியே இருக்கும். மேலும் இந்தப் படிவத்தில் பெயர், எண், மின்னஞ்சல் மூன்றும் அவருடைய கணக்கிலிருந்து தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் தட்டச்சு செய்வதே இல்லை. இரண்டு தட்டு, லீடு போய்விட்டது. பல வருடம் முன்பு கொடுத்த பழைய எண்கூட வரும். 'நான் ஃபார்மே போடலையே' என்று பாதிப் பேர் சொல்வதும் இதனால்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை.

படிவம் உருவாக்கும்போது எந்த வகை என்று கேட்கும்; `More volume`, `Higher intent` இரண்டும் அதில் இருக்கும். `Higher intent` வகையில், அனுப்புவதற்கு முன் 'இதெல்லாம் சரியா' என்று ஒரு திரை கூடுதலாக வரும். லீடு எண்ணிக்கை குறையும், கைதவறி வருவதும் குறையும். எண் போடும் வேலை உண்மையில் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மீனாட்சி, நங்கநல்லூர்:

நான் படிவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவள். போன வருடம் ஒரு விளம்பரத்தில் பட்ஜெட் 40 முதல் 50 லட்சம் என்று அழுத்தினேன். அழைத்த பெண் எடுத்த எடுப்பில், "அந்த பட்ஜெட்டுக்கு செங்கல்பட்டு தாண்டித்தான் மேடம் பார்க்கணும்" என்றாள். என் பெயருக்கு நேரே ஏதோ சின்ன எண் இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. பழைய வீட்டை விற்ற பணம் வரவிருந்தது. அதைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. கவிதா, தகுதி, தரம், மதிப்பு எதுவும் அந்தச் சொல்லில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'தகுதிப் புள்ளி 20' என்று திரையில் பார்க்கிற பெண் வேறு எந்தக் குரலில் பேசுவாள்?

அன்வர், திருவல்லிக்கேணி:

மீனாட்சி அக்கா சொன்னதுதான் விஷயம். நான் டெலிகாலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். அவர்கள் வாயில் இருப்பது ஹாட்டு, வார்மு, ஜங்க்கு, ஆர்என்ஆர். மணி அடித்தும் எடுக்காதவர்தான் ஆர்என்ஆர். 'நாடுநர்' என்று கையேட்டில் இருந்தால் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள்.

நடராசன்:

தம்பி அன்வர், கணினி என்ற சொல்லையும் ஒரு காலத்தில் யாரும் வாயில் போடவில்லை. பழகினால் வரும்.

அன்வர்:

வரும் ஐயா. வெள்ளிக்கிழமைக்குள் வராது.

கவிதா:

சுரேஷ், அந்த எண் எப்படிக் கூடுகிறது என்று ஓர் உதாரணம் சொல்ல முடியுமா? அது தெரியாமல் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

சுரேஷ்:

கேளம்பாக்கத்தில் 65 லட்ச ரூபாய் இரண்டு படுக்கையறை வீடு என்று வையுங்கள். படிவத்தில் மூன்று கேள்விகள். எப்போது வாங்குவீர்கள்: 3 மாதத்துக்குள் என்றால் 30, 6 மாதத்துக்கு மேல் என்றால் 5. பட்ஜெட் 60 முதல் 75 லட்சம் என்றால் 25. வங்கிக் கடனுக்கு ஒப்புதல் வாங்கியாயிற்று என்றால் 20.

முதல் ஆள் மூன்றிலும் சிறந்த பதிலை அழுத்தியிருக்கிறார். 75. உடனே அழைத்தால் எடுக்கவில்லை, மறுநாளும் இல்லை. இரண்டாவது ஆள் 6 மாதத்துக்கு மேல், பட்ஜெட் சரி, கடன் இன்னும் பார்க்கவில்லை. 30. ஆனால் கடைசியில் இருந்த காலிப் பெட்டியில் தன் கையால் எழுதியிருக்கிறார்: 'சோழிங்கநல்லூர் ஆபீஸ், அடுத்த ஜூன்ல பையன ஸ்கூல் மாத்தணும்'. இவர்தான் வாங்குவார். மனைவி, அப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு சைட்டுக்கு வருவார்.

எங்கே தவறுகிறது? அந்தப் படிவத்தில் சிறந்த பதில் எல்லாக் கேள்வியிலும் முதல் வரியில் இருந்தது. படிக்காமல் மேலே இருப்பதையே அழுத்திக்கொண்டு போனவருக்கு 75 கிடைத்துவிட்டது. 70க்கு மேல் வருகிறவர்களில் எடுக்காதவர்கள் அதிகம் என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். 'சும்மா விலை பார்க்கிறேன்' என்பதை மேலே கொண்டு போனால் படிக்காதவர் தானாகவே அடியில் போய்விடுவார். கையால் எழுதியதில் இடமோ தேதியோ இருந்தால் 25 கூட்டினால் இரண்டாவது ஆள் 55க்கு வருவார், அன்றைக்கே அழைப்பு போகும்.

பிரபு:

அப்படியானால் 30க்குக் கீழே இருப்பவர்களை அழைக்கவே வேண்டாமே. வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பினால் போதும்.

சுரேஷ்:

பாதி சரி. பெரும்பாலோருக்கு அது போதும். ஆனால் கீழே இருப்பவர்களிலும் சிலரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து அழைத்துப் பார்க்க வேண்டும். யாரையும் அழைக்காவிட்டால் அவர்களில் ஒருவரும் வாங்க மாட்டார். மாதக் கடைசியில் 'பார், குறைந்த எண் வாங்கியவன் வாங்கவில்லை' என்று நம் எண்ணை நாமே மெச்சிக்கொள்வோம். மீனாட்சி அம்மா அந்தக் கூட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

இன்னொன்று. யார் தேறினார் என்று விளம்பரத் தளத்துக்குத் திருப்பிச் சொல்லலாம், அதே மாதிரி ஆட்களை அது தேடும். அங்கே சைட்டுக்கு வந்தாரா என்பதை அனுப்ப வேண்டும். 'இவர் 75' என்று நம் ஊகத்தை அனுப்பினால், முதல் வரியை அழுத்துகிறவர்களையே தேடித் தேடிக் கொண்டுவந்து கொட்டும்.

மீனாட்சி:

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், யாரை முதலில் அழைப்பது என்பதற்குத்தான் இந்த எண். 'முந்து புள்ளி' என்றால் என்ன? ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இராமலிங்கம்:

நான் முதலிலேயே 'முன்னிலை' என்றேன்.

நடராசன்:

முந்துவது அழைப்பா, ஆளா? வினைத்தொகையாகக் கொண்டால் முந்துகின்ற புள்ளி, அதாவது புள்ளியே ஓடுகிறது. 'நாட்டப் புள்ளி'யில் இந்தச் சிக்கல் இல்லை.

சுரேஷ்:

நாட்டம் இருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது ஐயா, ஊகிக்கத்தான் செய்கிறேன். எனக்கு 'முந்து புள்ளி' சம்மதம். நாளைக்கு ஒரு லீடு 30லிருந்து 60க்கு ஏறினாலும் சொல் உறுத்தாது.

அன்வர்:

'லீடு' என்பதைத் தொடாமல் விட்டால் எனக்கும் சம்மதம்.

கவிதா, வெள்ளி மதியம்:

நிறுவனத்தில் கேட்டேன். 'முந்து புள்ளி' புரியவில்லை என்று அங்கே இருவர் சொன்னார்கள். மேலாளர் 'ஸ்கோர் என்றே போடுங்களேன்' என்றார். கடைசியில் 'லீடு புள்ளி' என்று முடிந்தது. முதல் பக்கத்தில் மட்டும், யாரை முதலில் அழைப்பது என்பதற்கான எண் இது, வாடிக்கையாளரின் மதிப்பைக் காட்டாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

நடராசன்:

உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். 'நாட்டப் புள்ளி' சொல் பட்டியலில் மாற்றுப் பரிந்துரையாக இருக்கட்டும். அது போகட்டும், 'லீடு புள்ளி'யா, 'லீடுப் புள்ளி'யா? ஒற்று எங்கே போயிற்று?

அன்வர்:

ஐயா, பிறமொழிச் சொல்லுக்குப் பின்னால் ஒற்று எதற்கு?

நடராசன்:

'ரோட்டுக் கடை' என்று எழுதுகிறோமே, தம்பி?