புதுப்பிப்பு: பள்ளி திறந்த பிறகு காலியான வீடு

முன்பு நான் கேட்டது: “பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து என் மூன்று படுக்கையறை வீடு காலியானது. குடும்பங்கள் யாரும் வரவில்லை. வாடகையைக் குறைக்கவா?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாடகையைக் குறைக்கவில்லை. பல வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு அக்கா, “இப்போதைக்கு ஆள் தேடுங்கள், ஆனால் ஒப்பந்தம் முடியும் தேதியை மாற்றுங்கள்” என்றார். அதைத்தான் செய்தேன். புது வேலைக்குச் சேர்ந்த மூன்று பேர் சேர்ந்து எடுத்தார்கள். ஒரு வருடத்துக்குப் பதில் ஒன்பது மாதம். அது முடிவது அடுத்த பள்ளி திறப்புக்கு ஒரு மாதம் முன்னால். நடுவில் வெள்ளையடிக்க ஒரு வாரம் இருக்கிறது.

அடுத்த முறை குடும்பங்களுக்கான விளம்பரத்தை முடிந்தவரை சீக்கிரம் போடச் சொன்ன நண்பர் பாதிதான் சரி. சேர்க்கை உறுதியாகும் முன் பெற்றோர் வந்து பார்ப்பார்கள், முன்பணம் தரமாட்டார்கள். நாள்பட்ட விளம்பரத்தைப் பார்த்தால் வீட்டில் ஏதோ குறை என்று வேறு நினைப்பார்கள். அதனால் சேர்க்கை முடிவுகள் வரும் வாரத்தில்தான் போடப்போகிறேன், பள்ளிக்கு நடக்கும் தூரத்தை முதல் வரியிலேயே எழுதி. வேலைக்கு வருபவர்கள் வேறு மாதிரி. சேரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்புதான் தேடுவார்கள், உடனே குடியேற முடியுமா என்பதே அவர்கள் கேள்வி.

கடை வாடகை பற்றிக் கேட்ட அண்ணா, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மூவரும் ஒன்பதாம் மாதத்தில் நீட்டிப்புக் கேட்டால் என்ன செய்வது? இன்னும் முடிவெடுக்கவில்லை.