தில்லியில் குஜ்ரன்வாலா இருக்கிறது, கும்பகோணம் ஏன் இல்லை?

பிரியா, துவாரகா: மெட்ரோவில் கோஹாட் என்க்ளேவ் என்று ஒரு நிலையம் வருகிறது. குஜ்ரன்வாலா டவுன், முல்தான் நகர், மியான்வாலி நகர் என்று எல்லைக்கு அப்பால் உள்ள ஊர்கள் தில்லி முழுக்க இருக்கின்றன. நம்மவர்களும் தலைமுறைகளாக இங்கே இருக்கிறார்கள். நம் ஊர்ப் பெயரில் ஒரு நகர்கூட என் கண்ணில் படவில்லை. நமக்கு ஊர்ப்பற்று குறைவா?

முரளி: அவை அகதிகளுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனிகள், பெயரும் அரசாங்கம் வைத்ததுதான். அவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. நாம் நினைத்தால் ரயில் ஏறிவிடலாம். ஊரை இழந்தவன்தான் பெயரைக் கட்டிக்கொண்டு அழுவான்.

வைத்தியநாதன், ஆர்.கே.புரம்: தம்பி முரளி, ஊரை இழந்தவர்கள் என்றது சரி. ஆனால் அரசாங்கம் கட்டியவற்றின் பெயர்களைப் பாருங்கள்: லாஜ்பத் நகர், படேல் நகர், ராஜேந்திர நகர். எல்லாம் தலைவர்கள் பெயர். ஊர்ப் பெயர் வந்தது வேறு வழியில். ஒரே பக்கத்திலிருந்து வந்தவர்கள் சேர்ந்து வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்வார்கள், நிலம் பெற்று மனை பிரிப்பார்கள். சங்கத்தின் பெயரே காலனிக்கும் நின்றுவிடும்.

நம் ஆட்கள் வந்த விதம் வேறு. தலைநகர் கல்கத்தாவிலிருந்து இங்கே மாறிய பிறகு குமாஸ்தாவாக, ஸ்டெனோவாக வந்தார்கள். குடியிருந்தது அரசுக் குவார்ட்டர்ஸில். ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். பெயர் வைக்க மனை எங்கே இருந்தது? சொந்தமாக, நிரந்தரமாக எழுப்ப முடிந்தது கோயில்தான். ஊர்ப் பெயர் அங்கே போய் உட்கார்ந்தது. ஆர்.கே.புரம் மலை மந்திரின் முழுப்பெயர் உத்தர சுவாமிமலை.

செல்வி, மயூர் விகார்: ஐயா, அதை யார் அப்படிச் சொல்கிறார்கள்? ஆட்டோக்காரருக்கும் மலை மந்திர், என் பிள்ளைகளுக்கும் மலை மந்திர். சுவாமிமலை எந்த மாவட்டம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. குஜ்ரன்வாலா டவுனில் பிறந்தவர்களுக்கும் அந்த ஊர் வெறும் முகவரிதான். பலகையில் பெயர் இருந்தால் ஊர் பிழைத்திருக்கிறது என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

வைத்தியநாதன்: ஊர் பிழைத்தது என்று நான் சொல்லவில்லை அம்மா. எந்த முருகன் என்பது பிழைத்தது. முருகனுக்கு ஆறு படைவீடு. மலைதான் வேண்டுமென்றால் பழனி என்றும் வைத்திருக்கலாம். 1973-இல் குடமுழுக்கு ஆனபோது சந்நிதியில் இருந்தவர் சுவாமிநாதன், அப்பனுக்குப் பிரணவம் சொன்ன பிள்ளை. ஊரில் அது காவிரிக்கரைச் சமவெளியில் எழுப்பிய கட்டுமலை, ஏறப் படிகள் 60, தமிழ் வருடங்கள் 60 என்பதற்காக. இங்கே இருப்பது நிஜமான பாறைக்குன்று. நிலம் துளியும் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் சுவாமி அவரேதான். பெயரை எடுத்துவிட்டால் ஏன் இந்த முருகன் என்ற கேள்விக்கே இடமில்லை. ‘உத்தர’ என்று முன்னால் போட்டதும் எனக்குப் பிடிக்கும். மூலம் தெற்கே இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

அன்பு: நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. மச்சான் முனிர்காவில் மெஸ் போடுகிறார். எங்களுக்கு வேடசந்தூர். அப்படியே வைத்தால் யாருக்கும் தெரியாது என்று திண்டுக்கல் என்று எழுதச் சொல்கிறார். சரியா?

செல்வி: பாருங்கள், என் கட்சிக்கு அன்பு அண்ணனே சாட்சி. கடைப் பெயர் வாடிக்கையாளருக்காக வைப்பது. சின்ன ஊர் தானாகக் கழன்றுவிடும்.

வைத்தியநாதன்: அது உண்மைதான், மறுக்க மாட்டேன். தேராவால் நகரிலும் அதுதான் நடந்தது. தேரா இஸ்மாயில் கான், தேரா காஜி கான் என்று இரண்டு ஊர். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்குமே தேராவால் என்று பெயர். பலகையைப் பார்த்து எந்தத் தேரா என்று சொல்ல முடியாது. அன்பு, திண்டுக்கல் என்றே வையுங்கள், கீழே சின்ன எழுத்தில் வேடசந்தூரையும் போடுங்கள். ஊர்க்காரன் ஒருவன் வந்தால் அதைத்தான் முதலில் படிப்பான்.

குமார், நரேலா: இவ்வளவு நேரமும் குவார்ட்டர்ஸ்காரர்கள் கதையே ஓடுகிறது. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த எங்கள் குடிசைகளுக்கு மதராசி கேம்ப் என்று பெயர். நாங்கள் வைத்ததில்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள், எங்கள் ஊர் ஒன்றுகூட அதில் இல்லை. 2025 ஜூனில் இடித்தார்கள். தகுதி உண்டு என்றவர்களுக்கு இங்கே வீடு கொடுத்தார்கள், இப்போது முகவரியில் பிளாக்கும் பாக்கெட்டும்தான். மதராசி என்று கூப்பிட்டால் முன்பு கோபம் வரும். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால்தான் பழைய ஆட்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண்கிறார்கள்.

முரளி: அப்படியானால் மற்றவன் வைத்த பெயரும் கணக்கில் சேருமா?

செல்வி: சேரக் கூடாது. அது ஊர்ப் பெயரே இல்லை.

குமார்: அக்கா, எங்கள் பிள்ளைகள் பிறந்த ஊர் அதுதான்.