இணைய இணைப்பு மாறினாலும் டனல் மாறத் தாமதம்: உதவி தேவை

வணக்கம். கோவை அலுவலகத்தில் இரண்டு இணைய இணைப்புகளும் திருப்பூர் கிளையில் ஒன்றும் உள்ளன. இடையே ஸ்ட்ராங்ஸ்வான் வழி ஐ.கே.ஈ.வி2 டனல் இயங்குகிறது. கோவையின் முதல் இணைப்பு அறுந்தால் பிரவுசிங் சில நொடிகளில் இரண்டாவதற்கு மாறிவிடுகிறது; ஆனால் திருப்பூர் ரவுட்டர் பழைய ஐ.பி. முகவரிக்கே பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருப்பதால், பில்லிங் ஏறத்தாழ மூன்று நிமிடம் நின்றுவிடுகிறது.

`dpd_delay = 10s` என வைத்துள்ளேன். `dpd_timeout` ஐ.கே.ஈ.வி1-க்கு மட்டுமே பொருந்துவதால், மறுமுனை இறந்ததென முடிவுசெய்ய மறுஅனுப்புதலின் இயல்பு அளவான 165 நொடிகள் ஆகின்றன. `retransmit_tries`-ஐக் குறைத்தால், சிறு பாக்கெட் இழப்புக்கே நல்ல டனலும் அறுந்துவிடுமோ என அஞ்சுகிறேன்.

கோவையின் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி டனலை எப்போதும் உயிருடன் வைத்து, எக்ஸ்.எஃப்.ஆர்.எம். இடைமுகங்களின் மேல் ஓ.எஸ்.பி.எஃப்., பி.எஃப்.டி. ஆகியவற்றால் பாதையை மாற்றுவதே சரியெனத் தோன்றுகிறது. இவ்வாறு நடத்துபவர்கள், தங்கள் பி.எஃப்.டி. கால இடைவெளியையும், முதல் இணைப்பு மீண்டதும் டனல் முன்னும் பின்னும் தாவாமல் தடுத்த முறையையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.