மூன்றாம் சரணம் சந்தத்தில் அமரவில்லை, உதவி தேவை

வீட்டிலேயே தையல் தொழில் நடத்தும் ஒரு பெண்ணைப் போற்றி, அவளது ஒரு நாள் வேலையின் வழியே பாடல் எழுதி வருகிறேன். மெட்டு திஸ்ர நடையில் முதலிலேயே அமைந்துவிட்டது; ஒவ்வோர் அடியும் ‘தான தான தான தான’ என, மும்மூன்று மாத்திரையாக நடக்கிறது. அடுத்த மாதம் ஒரு குழு இதைச் சேர்ந்து பாட வேண்டும்.

காலையில் அளவெடுத்து வெட்டும் முதல் சரணமும், ‘ஊசி கோத்து நூலை ஓட்டி’ என்று தொடங்கும் நண்பகல் சரணமும் இயல்பாக அமைந்தன. இரவில் அவள் கணக்கு எழுதும் மூன்றாம் சரணத்தில்தான் சிக்கல். ‘கணக்கு’ குறிலில் தொடங்கி நான்கு மாத்திரை பெறுவதால் அடி தாளத்தை மீறி வழிகிறது. ‘வரவு செலவு’ எண்ணிக்கையில் பொருந்தினாலும், மூன்று குறில்கள் அடுத்தடுத்து வருவதால் நடை ஓடுகிறது. நாள் முடிந்து அவள் உட்காரும் இடத்தில் அந்த ஓட்டம் எனக்குப் பிடிக்கவில்லை.

‘ஏடு பார்த்து’ என்று மாற்றினேன். சந்தம் சரியானது, ஆனால் பேச்சுத்தன்மை போய்விட்டது. ‘க’வைத் தாளத்துக்கு முன்னதாக எடுத்து ‘ணக்கு’ தாளத்தட்டில் விழுமாறு அதீத எடுப்பாகவும் பாடிப் பார்த்தோம். தனியாகப் பாடும்போது அழகாக இருந்தது, குழுவாகப் பாடும்போது சிலர் பிந்தினார்கள்.

மற்ற இரு சரணங்களின் மெட்டைத் தொடாமல், ‘கணக்கு’ என்ற சொல்லையும் விடாமல், இந்த முதலடியைக் குழு தடுமாறாதபடி எப்படித் தொடங்கலாம்?