உதவி: ஸ்கேன் செய்த கிணற்றுப் பட்டியலில் சரி, புள்ளடி, நட்சத்திரத்தை ஆம்/இல்லை/எண்ணாக மாற்றுவது எப்படி?

கோண்டாவில் மாணவி
வணக்கம். எங்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றி 48 தாள்களில் கையால் நிரப்பிய பட்டியல் இருக்கிறது. ஒரு தாளுக்கு 12 கிணறு, மொத்தம் 576. கட்டு உண்டா, மூடி உண்டா, மலசலகூடம் பக்கத்தில் உண்டா என்பவற்றுக்குச் சரி அல்லது புள்ளடி. தண்ணீரின் சுவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட்டிருக்கிறார்கள்.

ஸ்கேன் செய்து எழுத்துணரியில் போட்டு எக்செலுக்கு எடுத்தேன். சரி அடையாளம் சில இடத்தில் √, சில இடத்தில் V, சில இடத்தில் / என்று வந்திருக்கிறது. நட்சத்திரங்கள் `***` என்றும் ★★★ என்றும் கலந்து கிடக்கின்றன. Find and Replace இல் `***` ஐ 3 ஆக மாற்றினேன். பட்டியல் முழுவதும் 3 ஆகிவிட்டது! Ctrl+Z அடித்துத் தப்பினேன். ஏன் இப்படி?

நெல்லியடி
எக்செலில் Insert > Symbol போனால் சரி அடையாளம் இருக்கிறது தங்கச்சி. அதைக் காப்பி பண்ணி ஒட்டலாம்.

கோண்டாவில் மாணவி
போடுவதல்ல அண்ணா, இருப்பதை எடுத்து ஆம்/இல்லை ஆக்க வேண்டும்.

சுன்னாகம்
தேடும் பெட்டியில் * என்றால் எக்செலுக்கு "எதுவாயினும்" என்று பொருள். அதனால்தான் எழுத்திருந்த எல்லாப் பெட்டியும் பிடிபட்டது. உண்மையான நட்சத்திரத்தைத் தேட `~*` என்று அடிக்க வேண்டும். மற்றது சுலபம்: V, √, / எல்லாம் ஆம், X எல்லாம் இல்லை, வெற்றுப் பெட்டியும் இல்லை. பத்து நிமிட வேலை.

மானிப்பாய் அக்கா
சுன்னாகம் தம்பி `~*` பற்றிச் சொன்னது சரி. மற்றதில் நான் உடன்படவில்லை. வெற்றுப் பெட்டி "இல்லை" அல்ல. கேட்க மறந்திருக்கலாம், வீட்டில் ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம், மெல்லிய பென்சில் கோட்டை ஸ்கேனர் விட்டிருக்கலாம். அதை "வெற்று" என்றே வைத்திருங்கோ.

மூலப் பத்தியைத் தொடாமல் பக்கத்தில் புதுப் பத்தி போடுங்கோ. `Kuri` என்று ஒரு தாள் திறந்து, முதல் பத்தியில் வந்திருக்கும் ஒவ்வொரு குறியையும், இரண்டாவதில் அதற்கான ஆம் அல்லது இல்லையையும் எழுதுங்கோ. பிறகு:

```
=IF(TRIM(B2)="","வெற்று",IFERROR(VLOOKUP(TRIM(B2),Kuri!$A:$B,2,FALSE),"பார்"))
```

பட்டியலில் இல்லாத குறிக்கு "பார்" என்று வரும். அதைத் தாளில் பார்த்துத் தீர்க்கலாம். நட்சத்திரத்துக்கு இந்த வழி வேண்டாம், VLOOKUP உம் * ஐ "எதுவாயினும்" என்றே எடுக்கும். SUBSTITUTE அப்படிச் செய்யாது, அதனால் எண்ணிவிடலாம்:

```
=IF(TRIM(E2)="","வெற்று",LEN(E2)-LEN(SUBSTITUTE(SUBSTITUTE(E2,"*",""),"★","")))
```

விடை 0 வந்தால் நம்பாதேயுங்கோ. எழுத்துணரி நட்சத்திரத்தை k என்றோ வேறு எழுத்தாகவோ வாசித்திருக்கும்.

அப்புறம் ஒன்று. மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு தாளிலும் எந்தெந்தக் குறி எத்தனை என்று பாருங்கோ. நம் நாட்டில் வாக்குச் சீட்டில் புள்ளடி போட்டால் அது தேர்வு. அந்தப் பழக்கத்தில் "உண்டு" என்பதற்கும் புள்ளடி போடுபவர்களைக் கண்டிருக்கிறேன்.

உடுவில் முன்பள்ளி
எனக்கும் இதே தொல்லை! என் வேர்ட் கோப்பில் இருந்த சரி அடையாளம், ஒட்டியதும் ü ஆகிவிட்டது. பிழை அடையாளம் û.

மானிப்பாய் அக்கா
உங்கட கோப்பில் அவை Wingdings எழுத்துருவில் இருந்திருக்கும். அந்த எழுத்துரு போனால் உள்ளிருந்த எழுத்து தெரியும். குழம்பத் தேவையில்லை, ü என்றால் ஆம், û என்றால் இல்லை என்று `Kuri` தாளில் சேர்த்துவிடுங்கோ. தங்கச்சியின் தாள்கள் ஸ்கேன் என்பதால் அவருக்கு இது வராது.

கோண்டாவில் மாணவி
அக்கா, நீங்கள் சொன்ன புள்ளடி விஷயம் உண்மைதான்! 6 தாள்களில் ஒரு சரி அடையாளம்கூட இல்லை, புள்ளடியும் வெற்றும் மட்டும். எல்லாம் ஒரே கையெழுத்து. எழுதிய தம்பியைக் கேட்டேன், "உண்டு என்றால் புள்ளடி, இல்லாவிட்டால் விட்டுவிட்டேன்" என்றான். சுன்னாகம் அண்ணா சொன்னபடி செய்திருந்தால் அந்த 72 கிணறும் கட்டு இல்லாதவையாகவே பதிவாகியிருக்கும். அந்தத் தாள்களுக்கு மட்டும் வேறு `Kuri` வைத்து, வெற்றையும் "இல்லை" ஆக்கினேன். ஆம், இல்லை, வெற்று, பார் நான்கையும் COUNTIF ஆல் எண்ணிக் கூட்டினால் ஒவ்வொரு கேள்விக்கும் 576 வருகிறது.

ஆனால் 9 தாள்களில் ஐந்து நட்சத்திரங்களும் அச்சிட்டே இருக்கின்றன, பேனாவால் நிறம் நிரப்ப வேண்டும். எழுத்துணரி எல்லாவற்றையும் ★★★★★ என்று வாசித்திருக்கிறது.

சுன்னாகம்
வெற்றைப் பற்றி நான் அவசரப்பட்டுவிட்டேன். நட்சத்திரத்துக்கு, 300 dpi இல் சாம்பல் நிறத்தில் மறுபடி ஸ்கேன் செய்து பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஊதாப் பேனா நிறம் அச்சோடு கலந்துவிடும்.

மானிப்பாய் அக்கா
சாம்பலில் எடுத்தாலும் எழுத்துணரி வெறும் நட்சத்திரத்தையும் நிரப்பியதையும் பிரிக்கும் என்று நான் நம்பமாட்டேன். 9 தாள் என்றால் 108 கிணறு. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசிக்க ஒருவர் அடியுங்கோ. பாதி நிரப்பிய நட்சத்திரம் ஏதும் இருக்கிறதா?

கோண்டாவில் மாணவி
இருக்கிறது அக்கா, நாலைந்து. அவற்றை 0.5 என்று போடுவதா, விட்டுவிடுவதா என்றுதான் இங்கே வாதம் நடக்கிறது.