மறு: 'கொலனைசேஷன்' - தமிழில் என்ன? (படுக்கைப்புண் கையேடு, 6ஆம் பக்கம்)

யசோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். படுத்த படுக்கையாய்க் கிடக்கிற வயசாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேணும். ஆறாம் பக்கத்தில் தடக்கி நிற்கிறேன். சொல்லவேண்டிய விசயம் இதுதான்: திறந்த படுக்கைப்புண் எதிலும் கிருமி இருக்கும், அதற்காக அன்ரிபயோட்டிக் தேவையில்லை. கிருமி சதைக்குள் இறங்கி, உடம்பு அதோடு மல்லுக்கட்டத் தொடங்கினால்தான் தேவை. முதல் நிலை கொலனைசேஷன், அடுத்தது இன்ஃபெக்‌ஷன். அடுத்ததுக்குத் 'தொற்று' இருக்கிறது. முதலாவதுக்கு 'குடியேற்றம்' என்று போடலாமா?

பண்டிதர் எழுதியது:

தங்கச்சி, குடியேற்றம் வேண்டாம். கிழக்கில் அரசு சிங்களவரைக் கொண்டுவந்து குடியமர்த்திய கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிய நாளிலிருந்து இந்த நாட்டுத் தமிழனுக்கு அந்தச் சொல் வேறு பொருள். அரசியலை விட்டுப் பார்த்தாலும் பிழைதான். குடியேறினான் என்றால் காணியைப் பிடித்துவிட்டான் என்றுதானே வாசிப்பவர் எடுப்பார்? பிடித்தவனைத் துரத்த ஊசி கேட்பார். நீங்கள் சொல்ல வந்ததுக்கு நேர்மாறு.

என் கருத்து, 'தொற்று' என்ற சொல்லையே நாம் பிழையான இடத்தில் வைத்திருக்கிறோம். தொற்றுதல் என்பது பற்றிக்கொண்டு நிற்றல். கொடி பந்தலில் தொற்றுகிறது. மினிபஸ் மிதிபலகையில் தொற்றிக்கொண்டு போகிறவன் உள்ளே போனவன் அல்லன். ஆகவே மேலே ஒட்டி நிற்கும் கிருமிக்கே தொற்று பொருந்தும். ஆழத்துக்குப் போனதற்குப் 'புரையோடல்' என்ற அருமையான சொல் இருக்கிறது. புரை என்றால் உட்துளை. பாலுக்கு விடும் உறைமோரையும் புரை என்பதுண்டு. ஒரு துளி உள்ளே போய் முழுவதையும் மாற்றிவிடுவதால் அப்பெயர் என்று கொள்ளலாம். கண்ணிற் புரையும் இதனோடு...

(இதற்குப் பின் இரண்டு பந்தி புரை, புழை, பொள் பற்றியது. அடுத்த மடலில் அனுப்புகிறேன்.)

நளாயினி எழுதியது:

ஐயா, வேர் சரியாயிருக்கலாம். ஆனால் "அம்மாவுக்குப் புண்ணில் தொற்று இருக்கு, மருந்து தேவையில்லை" என்று நான் ஒரு மகளுக்குச் சொன்னால் அவ அடுத்த டொக்டரிட்டைப் போவா. ஊரில் ஊன்றிவிட்ட சொல்லைப் புரட்டிப் போட்டால் ஆபத்து.

புரையோடல் எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அது வேறொன்று. தலைப்பக்கத்தை முப்பது பாகைக்கு மேலே உயர்த்தி வைத்தால் ஆள் மெதுவாகக் கீழே வழுக்குவார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளேயிருக்கிற எலும்பும் சதையும் கீழே இழுபடும். இந்த இழுவையில் தோலுக்கு அடியில் சதை பிரிந்து பொந்து விழும். வெளியே ஐந்து சதக் குற்றியளவு வாய், உள்ளே பஞ்சுக்குச்சி மூன்று சென்ரிமீற்றர் ஓடும். அதில் கிருமி இறங்கியிருக்கவேண்டும் என்று இல்லை. மறுவளமாக, புரையே இல்லாத தட்டையான புண்ணைச் சுற்றிச் சதை முழுக்கக் கிருமி பரவியிருக்கலாம். அதனால் புரையை வடிவத்துக்கே விட்டுவிடுங்கோ.

செந்தூரன் எழுதியது:

பெயரைப் பற்றி ஏன் இவ்வளவு? றிப்போட் இருக்குத்தானே. புண்ணில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் கிருமி கனக்க வளர்ந்ததோ கொஞ்சமாய் வளர்ந்ததோ என்று எழுதி வரும். கனக்க என்றால் இன்ஃபெக்‌ஷன், கொஞ்சம் என்றால் மற்றது. 'மிகுகிருமி', 'குறைகிருமி' என்று வைத்தால் வேலை முடிஞ்சுது. பாமசியில் நான் பார்க்கிற ஆக்கள் கப்சூலை உடைத்துத் தூளைப் புண்ணில் போடுவினம், மெற்றோனிடசோல் குளிசையை இடித்தும் போடுவினம். மணம் நிற்கும்தான்.

நளாயினி எழுதியது:

செந்தூரன், பாதி சரி. ஒரு கிராம் சதையை வெட்டியெடுத்து எண்ணும்போது ஒரு லட்சத்துக்கு மேல் கிருமி இருந்தால் புண் ஆறுவது தடைப்படும் என்பது பழைய அளவுகோல். அது சதையில் எண்ணியது. நாங்கள் வழக்கமாய் அனுப்புவது மேலில் ஒற்றியது. அழுகற் சதையிலும் சீழிலும் ஒற்றினால் அங்கே கிடக்கிறதுதான் கனக்க வளரும். அதை வைத்து ஆழத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஏலாது. தேவைப்பட்டு ஒற்றினாலும் முதலில் சேலைனால் நன்றாய்க் கழுவி, சிவந்த நல்ல சதையில் ஒரு சதுர சென்ரிமீற்றர் இடத்தைத் தெரிந்து, குச்சியை ஐந்து செக்கன் அழுத்திச் சுழற்றி, உள்ளேயிருந்து கசிகிற நீரை எடுக்கவேணும். அப்போதும் அந்த றிப்போட் எந்த மருந்து என்று தெரிவுசெய்ய உதவுமே தவிர, மருந்து வேணுமா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது ஆளும் புண்ணைச் சுற்றியுள்ள தோலும்தான்.

மணம் பற்றிச் சொன்னது சரி. மெற்றோனிடசோல் ஒட்சிசன் இல்லாமல் வாழ்கிற கிருமிகளைக் குறைக்கும், நாற்றம் குறையும். ஆனால் இடித்த குளிசையும் உடைத்த கப்சூலும் ஆழத்துக்குப் போகாது. மேலே இருக்கிற கிருமிக்கு எதிர்ப்பைப் பழக்கும், சிலருக்குத் தோல் அலர்ஜியையும் கொண்டுவரும்.

வரதன் எழுதியது:

சொல் விவாதத்துக்கு நடுவில் கேட்கிறன், மன்னியுங்கோ. அம்மாவுக்கு 82. இடுப்பெலும்பு உடைஞ்ச பிறகு படுக்கை. நாரிக்குக் கீழே புண், நீளம் 5, அகலம் 4, ஆழம் ஒன்றரை சென்ரிமீற்றர். மூன்று கிழமையாய் அளவு மாறேல்லை. றிப்போட்டில் சூடோமோனாஸும் கோலிஃபோமும் 'கனக்க' என்று வந்திருக்கு. கட்டுத் துணியில் பச்சை நிறம். எந்த அன்ரிபயோட்டிக் நல்லது?

பண்டிதர் எழுதியது:

தம்பி, இது கலைச்சொல் குழு.

நளாயினி எழுதியது:

ஐயா, இந்தப் பக்கம் இப்படிக் கேட்கிற ஆக்களுக்குத்தானே. வரதன், அம்மா வழமை போலச் சாப்பிடுறாவா, கதைக்கிறாவா? புண்ணைச் சுற்றியுள்ள தோலைப் புறங்கையால் தொட்டு, தொடையில் தொட்டுப் பார்த்ததோடு ஒப்பிடுங்கோ. சூடா, இறுக்கமா? கட்டை அவிழ்த்துக் கழுவின பிறகும் மணக்குதா?

வரதன் எழுதியது:

சாப்பாடு வழமைதான், பேரப்பிள்ளைகளைப் பேசுறா. சூடு இல்லை. கழுவினாலும் மணம் கொஞ்சம் நிற்குது. உள்ளேயிருக்கிற சிவப்புச் சதை தொட்டால் இரத்தம் கசியுது. ஊறுகிற நீர் கூடியிருக்கு.

நளாயினி எழுதியது:

யசோ, உங்கட ஆறாம் பக்கத்துக்கு வேண்டியது இதிலேயே இருக்கு. ஆறாமல் நிற்கிறது, நொய்ந்த சதை, கூடின நீர், கழுவியும் போகாத மணம். புண்ணுக்குள்ளேயே கிருமியின் கை ஓங்கியிருக்கிறது, ஆனால் கரையைத் தாண்டவில்லை. இந்த நடுநிலைக்கு முந்தி 'கிறிற்றிக்கல் கொலனைசேஷன்' என்றார்கள். 2016இல் சர்வதேசக் காயத்தொற்று அமைப்பு அந்தப் பெயரைக் கைவிட்டு, 'உள்ளூர்த் தொற்று' என்ற கருத்துக்குள் அடக்கிவிட்டது. ஆகவே நீங்கள் சொல் தேடுகிற பெட்டியே நகர்ந்திருக்கு.

வரதன், குளிசையோ ஊசியோ இப்போதைக்கு வேண்டாம். செத்த சதையைப் பழகின தாதியோ டொக்டரோ வெட்டி அகற்றவேணும், அதுதான் கிருமியின் படலத்தைக் குலைக்கும். ஒவ்வொரு முறையும் கழுவி, அயடீனோ வெள்ளியோ சேர்ந்த கட்டு. இரண்டு கிழமை பார்த்து, பிறகு நிறுத்தி மீண்டும் அளவெடுங்கோ. பச்சை நிறம் சூடோமோனாஸின் சாயம், அதற்காகப் பயப்படவேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் திருப்பாவிட்டால் இது எதுவும் வேலைசெய்யாது.

யசோ எழுதியது:

கையேட்டின் ஆங்கில மூலத்தில் "புண்ணைச் சுற்றிச் சிவத்தல்" என்று அடையாளம் தந்திருக்கு. எங்கட ஆக்களின் தோலில் அது தெரியுமோ?

நளாயினி எழுதியது:

நல்ல கேள்வி. வெள்ளைத்தோலுக்கு எழுதின அடையாளம். எங்கட தோலில் சிவப்பு கருமையாய், ஊதாவாய், சிலவேளை ஒரு பளபளப்பாய் மட்டுமே தெரியும். "கரையிலிருந்து இரண்டு சென்ரிமீற்றருக்கு அப்பாலும் சூடு, இறுக்கம், நிறமாற்றம்" என்று போடுங்கோ. பேனாவால் எல்லை கீறி, திகதி நேரம் எழுதச் சொல்லுங்கோ. அடுத்த நாள் கோட்டைத் தாண்டினால் அது பரவுகிறது.

பண்டிதர் எழுதியது:

மீண்டும் சொல்லுக்கு வருவோம். 'குடிகொள்ளல்' எப்படி? கோயிலில் அம்மன் குடிகொள்கிறாள், தீங்கில்லை.

செந்தூரன் எழுதியது:

புண்ணில் அம்மனோ ஐயா. அப்ப வேப்பிலைதான் கட்டுவினம்.

'கொலனைசேஷன்' என்றே தமிழில் எழுதினால் என்ன? வடவெழுத்தை விலக்கித் தமிழெழுத்தில் எழுதினால் வடசொல்லும் ஏற்கும் என்று தொல்காப்பியரே வழிவிட்டவர்.

பண்டிதர் எழுதியது:

அவர் வழிவிட்டது வடசொல்லுக்கு, உங்கள் சோம்பலுக்கு அல்ல. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். அமெரிக்கரான அவருக்கு முடிந்தது, இங்கே பிறந்த எங்களுக்கு முடியவில்லை!

வரதன் எழுதியது:

அவசரம். ஆறாம் நாள். அம்மா காலமை தொடக்கம் நித்திரையாகவே கிடக்கிறா, கஞ்சி குடிக்கேல்லை, கேட்டதுக்கு மாறிப் பதில் சொல்றா. காய்ச்சல் இல்லை, வெப்பமானி 35.8 காட்டுது. இடப்பக்கம் கரையிலிருந்து நாலு சென்ரிமீற்றர் வரை சுடுது, கல்லு மாதிரி இறுகியிருக்கு.

நளாயினி எழுதியது:

உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் இல்லை என்று இருக்கவேண்டாம். இந்த வயதில் கிருமி இரத்தத்துக்குப் போகும்போது வெப்பம் கூடாமல் குறையவும் செய்யும், மயங்கின பேச்சுத்தான் முதல் அடையாளம். கையில் இருக்கிற அன்ரிபயோட்டிக் எதையும் முன்கூட்டிக் கொடுக்கவேண்டாம். அங்கே கிருமி வளர்த்துப் பார்க்க இரத்தம் எடுத்த கையோடு நாளத்தால் ஊசி தொடங்குவார்கள். போன கிழமை றிப்போட்டையும் கொண்டுபோங்கோ, தொடக்க மருந்தைத் தெரிவுசெய்ய உதவும். சீழ் கட்டியிருந்தால் திறந்துவிடாமல் ஊசி மட்டும் போதாது. குச்சி எலும்பில் 'டக்' என்று முட்டுதா என்றும் பார்ப்பார்கள். முட்டினால் எலும்பிலும் இறங்கியிருக்கலாம், அதற்கு எலும்புத் துண்டை எடுத்துத்தான் உறுதிசெய்வது.

வரதன் எழுதியது:

வோட்டில் விட்டிருக்கு. ஊசி ஏறுது. இன்று காலமை என்னை அடையாளம் பிடிச்சவ. எலும்பு பற்றி இன்னும் சொல்லேல்லை.

யசோ எழுதியது:

நல்ல செய்தி, வரதன். நாளை அச்சகம். கொலனைசேஷனுக்குக் 'கிருமி இருப்பு', இன்ஃபெக்‌ஷனுக்குக் 'கிருமி இறக்கம்' என்று நான் கேட்டதுக்குப் பத்துப் பேரில் ஆறு பேர் இரண்டையும் ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் பதில் தரவில்லை. செந்தூரன் கொலனைசேஷனிலேயே நிற்கிறார். பக்கத்தில் இப்படிப் போகிறது: "புண்ணின் மேலில் கிருமி இருக்கும். அது இருப்பு. கரை தாண்டிச் சூடும் இறுக்கமும் வந்தால், அல்லது ஆள் மாறிப்போனால், கிருமி இறங்கிவிட்டது. அன்றே காட்டுங்கள்." தொற்று என்ற சொல்லை 'இறக்கம்' என்பதன் பக்கத்தில் ஒருக்கால் மட்டும் வைக்கிறேன்.

நளாயினி எழுதியது:

சரி. நடுநிலைக்கு இன்னும் சொல் இல்லை என்பதை மறக்கவேண்டாம். வரதனின் முதல் கடிதம் அந்த நிலையில்தான் இருந்தது.

பண்டிதர் எழுதியது:

என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்யவும். 'இருப்பு' என்பது சங்கக்கடையில் மா இருப்பு. 'இறக்கம்' என்றால் காய்ச்சல் இறங்கியது என்று எடுக்க மாட்டார்களா?