நிற்காமல் ஓடிய பிரிட்ஜ்: உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததா?

கல்லடி மகன்

மூன்று வருசத்துக்கு முன்னால் 42,000 ரூபாய்க்குப் பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கினேன். ஒற்றைக் கதவு, இன்வர்ட்டர் இல்லாதது. அதுவரை மாதம் 68 யூனிட் போன வீட்டில் 170க்கு மேல் வரத் தொடங்கியது. கட்டணம் கூடிக்கொண்டிருந்த காலம் என்பதால் ரூபாயைத்தான் எல்லாரும் பார்த்தோம். யூனிட்டை நான் பார்க்கவே இல்லை.

போன மாதம் ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு பிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, டோர்ச்சோடு மீட்டரடியில் நின்றேன். எங்களுடையது தட்டுச் சுற்றுகிற பழைய மீட்டர். ஒரு யூனிட்டுக்கு 600 சுற்று என்று அதன் முகத்திலேயே போட்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு 40 செக்கன் எடுத்தது. அப்படியென்றால் ஆறு மணித்தியாலம் நாற்பது நிமிசத்தில் ஒரு யூனிட், ஒரு நாளைக்கு 3.6. தட்டு நிற்கும், நிற்கும் என்று முக்கால் மணித்தியாலம் பார்த்தேன். நிற்கவே இல்லை.

அம்மா எழும்பி வந்து என்ன மகன் தேடுற என்று கேட்டா. சொன்னேன். "அது நிக்கிறதே இல்லையே மகன். நல்லா ஓடுதெண்டுதான் நான் நினைச்சேன்" என்றா. பக்கத்து அறையில் படுக்கிறவ. மூன்று வருசமாக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறா, நான் ஒருநாளும் கேட்கவில்லை. அந்தப் பேச்சு இன்னும் மனதில் கிடக்கிறது.

நடுவில் இரண்டு தடவை காஸ் அடித்தோம், 18,500 ரூபாய் போனது. வந்தவர் இரண்டு தடவையும் கசிவைத் தேடாமல் அடித்துவிட்டுப் போனார். இப்போது வேறொருவர் வந்து பின்பக்கக் குழாய் இணைப்பில் எண்ணெய் பிசுபிசுத்திருந்த இடத்தைக் காட்டி, அதை ஒட்டி, கதவு றப்பரையும் மாற்றினார். இப்போது ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். அதாவது மாதம் 63 யூனிட் சும்மா போயிருக்கிறது. 38 மாதத்துக்கு ஏறக்குறைய 2,400 யூனிட். கட்டணம் பல தடவை மாறியதால் யூனிட்டுக்கு 30 ரூபாய் என்று வைத்துப் பார்த்தேன், 72,000 ரூபாய். பெட்டியின் விலையை விட அதிகம்.

சம்மாந்துறை மெக்கானிக்

தம்பி செய்தது சரியான வேலை. காஸ் தானாகக் குறையாது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஐஸ் தட்டைப் பார்த்தாலே தெரியும்: குழாய் உள்ளே நுழைகிற பக்கம் மட்டும் வெள்ளைப் பூத்து, மீதி ஈரமாக இருந்தால் காஸ் போதவில்லை. பெட்டி குளிராதபடியால் தெர்மோஸ்டாட் நிறுத்தச் சொல்லாது, கொம்பிரசர் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு வீட்டில் நான் ஐந்தாவது ஆளாகப் போனேன். முன்னால் நாலு பேர் அடித்திருந்தார்கள். கடைசி ஆள் கையால் தொட்டுப் பார்த்தே அளவுக்கு மேல் அடித்திருந்தார், அதனாலும் கரண்ட் கூடத்தான் இழுத்தது. புதிய பெட்டிகளில் வருகிற 600ஏ காஸ் மொத்தமே சில பத்துக் கிராம்தான். தராசு இல்லாமல் அடிக்கவே கூடாது. தீப்பிடிக்கிற காஸ் அது, குழாய்க்குள் மிச்சம் இருக்கும்போது ஒட்டுவதும் கூடாது.

ஒன்றைக் கவனியுங்கள். நிற்கவில்லை என்றால் பழுது என்பது இன்வர்ட்டருக்குப் பொருந்தாது. அது மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அதற்கு 24 மணித்தியால யூனிட்டைத்தான் பார்க்க வேண்டும்.

காத்தான்குடி நானா

இவ்வளவு கஷ்டம் எதற்கு? நாங்கள் இரவு பத்து மணிக்கு ஓஃப் பண்ணி சுபஹோடு போடுகிறோம். ஏழு மணித்தியாலம் ஓடாவிட்டால் பில்லில் கால்வாசிக்கு மேல் மிச்சம். பத்து வருசமாக இப்படித்தான், பெட்டிக்கு ஒன்றும் நடக்கவில்லை.

சம்மாந்துறை மெக்கானிக்

நானா, கொஞ்சம் மிச்சம் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கால்வாசி வராது. இரவில் உள்ளே ஏறின சூட்டைக் காலையில் அது சேர்த்து இழுக்க வேண்டும். போட்ட பிறகு ஒரு மணித்தியாலம் பக்கத்தில் நின்று பாருங்கள், மூச்சுவிடாமல் ஓடும். மிச்சம் வருவது உள்ளே சூடானபடியால்தான். அந்தச் சூட்டில் மீன் கிடக்கிறது.

கல்முனை கரையோரம்

எங்களுக்கும் இதே நிலைமைதான், ஆனால் ஏசி. கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் பிள்ளை படிக்க முடியாது என்று பூட்டினோம். கரண்டுக்குப் பயந்து விலை கூடிய இன்வர்ட்டர்தான் எடுத்தோம். பில் நினைத்த அளவுதான் வந்தது. வீடு கடலில் இருந்து இருநூறு யார் தூரம். நாலாம் வருசம் வெளிப் பெட்டியின் அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டேன், சாம்பல் மாதிரிக் கொட்டியது. கொயில் மாற்றக் கேட்ட காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசு வாங்கலாம். பத்து வருசத்துக்குப் போட்ட கணக்கு நாலு வருசத்தோடு முடிந்தது.

கடற்கரைப் பக்கம் வாங்குகிறவர்கள் வெளிப் பெட்டியைக் கடலைப் பார்க்காத சுவரில் பூட்டுங்கள். மாதம் ஒரு தடவையாவது மெயினை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள், அழுத்தி அடித்தால் தகடு மடியும். தகட்டுக்கு உப்புப் பிடிக்காத பூச்சு உண்டா என்று கடையில் கேளுங்கள். பூட்ட வருகிறவரிடம் கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்பார். மறுகா அவர் வரமாட்டார்.

களுவாஞ்சிக்குடி கணக்காளர்

கல்லடித் தம்பி, 30 ரூபாய் என்று சராசரி வைத்தது சரியில்லை. எங்கள் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 60க்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு விலை. 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை. அப்புறம் 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் ஏறும், நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். பிரிட்ஜ் வீணாக்கிய 63 யூனிட்டும் உங்கள் பில்லின் உச்சியில் உட்கார்ந்த யூனிட்கள். மின்விசிறிக்குக் கொடுத்த விலை அவற்றுக்கு இல்லை. பழைய பில்களை எடுத்து, அந்த 63ஐக் கழித்து, அந்தந்த மாதக் கட்டணத்தில் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த விசயத்தில் எல்லாரும் புதுசு வாங்கு என்றுதான் சொல்வார்கள். உங்கள் 30 ரூபாயையே வைத்துப் பார்ப்போம். புதிய இன்வர்ட்டர் 165,000 ரூபாய், ஒரு நாளைக்கு 0.8 யூனிட் என்று வையுங்கள். திருத்துவதற்கு முன்னால் இருந்த 3.6க்கு அது மாதம் 84 யூனிட் மிச்சம், வருசம் 30,240 ரூபாய். ஐந்தரை வருசத்தில் போட்ட காசு வந்துவிடும். திருத்தின பிறகு இருக்கிற ஒன்றரைக்கு மாதம் 21 யூனிட், வருசம் 7,560 ரூபாய்தான். இருபது வருசத்துக்கு மேல் ஆகும். ஆகவே முதலில் திருத்திவிட்டு, அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

சம்மாந்துறை மெக்கானிக்

கணக்கு சரி ஐயா. ஆனால் மூன்று வருசம் நிற்காமல் ஓடின கொம்பிரசர் இன்னும் எத்தனை வருசம் தாங்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. அது போனால் அந்தப் பெட்டிக்குச் செலவழிக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்.

கல்லடி மகன்

அதுதான் எனக்கும் பயம். இப்போதைக்கு வைத்திருக்கிறேன். உச்சிப் படி விலையில் திரும்பப் போட்டுப் பார்த்தேன் ஐயா, 72,000ஐத் தாண்டிப் போகிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது பெட்டி நின்றால் பழுதாகிவிட்டதோ என்று எழும்பி வந்து கதவில் கை வைத்துப் பார்க்கிறா.

ஆரையம்பதி டீச்சர்

இதை வாசித்துவிட்டு நேற்று இரவு நானும் பார்த்தேன். எங்களுடையது சிவப்பு லைட் மின்னுகிற புது மீட்டர், 1600 மின்னலுக்கு ஒரு யூனிட் என்று இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எண்ணினேன், பத்து நிமிசத்தில் 32. ஒரு நாளைக்கு 2.88 யூனிட் என்று வருகிறது. ஆனால் அந்தப் பத்து நிமிசமும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றதா என்று பார்க்காமல் படுத்துவிட்டேன். கதவில் காகிதத்தை வைத்துப் பூட்டினால் மேல் பக்கம் இறுக்கமாக நிற்கிறது, கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வருகிறது. றப்பரை மட்டும் மாற்றினால் போதுமா, மெக்கானிக் தம்பி?